இத்தாலியன்ல ரெண்டு இறந்தகாலம்: ரெமோத்தோ எப்போ, ப்ரோஸ்ஸிமோ எப்போ? முழுமையான வழிகாட்டி

இத்தாலியன் கொஞ்ச நாள் படிச்சவங்க எல்லாரும் ஒரு இடத்துல வந்து தடுக்கி நிப்பாங்க. பேசுறதுக்கு "ஓ மஞ்சாத்தோ" (சாப்பிட்டேன்), "ஸோனோ அந்தாத்தோ" (போனேன்) எல்லாம் பழகியாச்சு, கடையில வீட்டுல எல்லாம் சமாளிக்க முடியுது, சரி இப்போ ஒரு சின்ன கதைப் புத்தகம் எடுத்துப் படிப்போம்னு திறந்தா முதல் பக்கத்துலயே திஸ்ஸே, ஃபேச்சே, வென்னே, நாக்வேன்னு இதுவரைக்கும் காதுல விழாத வினைச்சொல்லா வரும். அதுதான் பஸ்ஸாத்தோ ரெமோத்தோ. நாம பேசிப் பழகினது பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ. ரெண்டுமே நடந்து முடிஞ்ச விஷயத்தைத்தான் சொல்லுது.

பேரைப் பார்த்தா ஒண்ணு தூரத்து இறந்தகாலம், இன்னொண்ணு பக்கத்து இறந்தகாலம். அதனால நிறைய பேர் எத்தனை வருஷம் முன்னாடி நடந்ததுன்னு கணக்குப் பண்ணிட்டு எதைப் போடுறதுன்னு முடிவு பண்றாங்க. அந்தக் கணக்கு வேலைக்கு ஆகாது. எதைப் போடணும்னு முடிவு பண்றது மூணு விஷயம்: நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க, பேசுறீங்களா எழுதுறீங்களா, நடந்த விஷயம் இன்னைக்கும் உங்களோட ஒட்டிட்டு இருக்கா இல்லையா. வருஷக் கணக்கு அதுக்கெல்லாம் பின்னாடிதான் வருது. ஒவ்வொண்ணா போவோம்.

(இத்தாலிய வார்த்தைகளை எல்லாம் காதுல எப்படி விழுதோ அப்படித் தமிழ்ல எழுதியிருக்கேன். ரெமோத்தோல "அவன்/அவள்" வடிவம் ஓ, ஈ-ன்னு முடிஞ்சா அழுத்தம் கடைசி எழுத்துல விழும், இத்தாலியன்ல எழுதும்போது அந்த எழுத்து மேல சின்னதா ஒரு சாய்கோடு போடணும். அதை விட்டுட்டா "பர்லோ" அதாவது பேசினான்ங்கிறது "பார்லோ" அதாவது நான் பேசுறேன்னு மாறிடும்.)

முதல் படி: பேசுறதுக்கு ப்ரோஸ்ஸிமோவை மட்டும் கெட்டியா பிடிங்க

ப்ரோஸ்ஸிமோ ரெண்டு துண்டு. முன்னாடி ஆவேரே இல்லன்னா எஸ்ஸெரே, பின்னாடி வினையோட முடிந்த வடிவம். ஓ பர்லாத்தோ, ஆய் பர்லாத்தோ, ஆ பர்லாத்தோன்னு முன்துண்டு மட்டும் மாறும். எஸ்ஸெரே போட்டா ஆண் பெண் ஒருமை பன்மை பார்த்துக்கணும், பொண்ணு சொன்னா "ஸோனோ அந்தாத்தா"ன்னு வரும்.

இங்க தமிழ்க்காரங்களுக்குன்னே ஒரு குழி இருக்கு. நம்ம கிட்ட "வந்தேன்", "வந்திருக்கேன்"னு ரெண்டு இருக்கிறதால, ரெண்டு துண்டா இருக்கிற ப்ரோஸ்ஸிமோவை "வந்திருக்கேன்" கூடவும் ஒரே சொல்லா இருக்கிற ரெமோத்தோவை "வந்தேன்" கூடவும் ஜோடி சேர்த்துடுறாங்க, உடனே "நேத்து வந்தேன்"னு சொல்ல ரெமோத்தோ போடுறாங்க. தப்பு. இத்தாலியோட பெரும்பகுதியில அன்றாடப் பேச்சுல ப்ரோஸ்ஸிமோதான் "வந்தேன்", அதுவேதான் "வந்திருக்கேன்", ரெண்டு வேலையையும் அது ஒண்ணே பார்த்துக்குது. "யேரி ஓ விஸ்தோ மார்க்கோ", நேத்து மார்க்கோவைப் பார்த்தேன், முடிஞ்சது. இந்த ஜோடியை மனசுலேருந்து கழட்டிட்டாலே பாதி குழப்பம் போயிடும்.

ரெண்டாவது படி: இலக்கணப் புத்தகம் சொல்ற வித்தியாசம் உண்மையில என்ன

புத்தக விதி வெறும் தூரம் இல்ல, தொடர்பு. நடந்தது முடிஞ்சு கதவு மூடியாச்சு, பேசுற இந்த நேரத்துக்கும் அதுக்கும் ஒட்டு இல்லன்னா ரெமோத்தோ. நடந்ததோட விளைவோ பாதிப்போ இன்னும் இருக்குன்னா, இல்ல அது நடந்த காலமே இன்னும் முடியலன்னா (இன்னைக்கு, இந்த வாரம், இந்த வருஷம், இதுவரைக்கும்) ப்ரோஸ்ஸிமோ.

இதை நல்லா காட்டுற வினை விவெரே, வாழ்றது. "ஆ ஸெம்ப்ரே விஸ்ஸூத்தோ ஆ ரோமா"ன்னா எப்பவும் ரோம்லயே வாழ்ந்துட்டு இருக்கார், ஆள் பெரும்பாலும் இன்னைக்கும் அங்கதான் இருக்கார். "விஸ்ஸே ஸெம்ப்ரே ஆ ரோமா"ன்னா அந்த வாழ்க்கை முடிஞ்சாச்சு, ஒரு வரலாற்று மனுஷரைப் பத்திப் பேசுற தொனி. அதனாலதான் தாந்தே 1265-ல பிறந்தார்னு எழுதும்போது "நாக்வே", 1321-ல ரவென்னால இறந்தார்னு எழுதும்போது "மொரீ". அதே பிறப்பை நீங்க உங்களைப் பத்திச் சொன்னா "ஸோனோ நாத்தோ"தான், நீங்க 1940-ல பிறந்திருந்தாலும் அதேதான், ஏன்னா பிறந்த ஆள் இதோ நின்னு பேசிட்டு இருக்கீங்க.

இன்னொரு உதாரணம், கொஞ்சம் நுணுக்கமானது. தாத்தா 1998-ல இறந்துட்டார்னு ரெண்டு விதமாவும் சொல்லலாம். "மியோ நோன்னோ ஏ மோர்த்தோ"ன்னு சொன்னா அந்த இழப்பை இன்னும் தன்னோட வச்சுட்டுப் பேசுற மாதிரி இருக்கும், "மியோ நோன்னோ மொரீ"ன்னா குடும்ப வரலாறு சொல்ற மாதிரி இருக்கும். வருஷம் அதேதான், மாறுனது பேசுறவர் எங்க நிக்கிறார்ங்கிறது மட்டும்தான். இந்த வித்தியாசத்தை வாய்ப்பேச்சுல இயல்பா கேக்கணும்னா தொஸ்கானா பக்கம் போகணும், ஃப்ளோரன்ஸ், ஸியேனா, அந்த ஏரியா.

மூணாவது படி: அப்போ மத்த ஊர்ல ஏன் வேற மாதிரி பேசுறாங்க

இதுதான் எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச பகுதி, ஏன்னா இது தெரிஞ்சுட்டா விதியை மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே கொறைஞ்சுடும்.

இத்தாலியில இருக்கிற வட்டார மொழிகள் இத்தாலியனோட கொச்சை வடிவங்கள் கிடையாது. லொம்பார்டு, பியெமொந்தே மொழி, வெனேத்தோ மொழி, சிசிலியன் எல்லாமே லத்தீன்லேருந்து தனித்தனியா வளர்ந்த அண்ணன் தம்பிங்க. 1861-ல நாடு ஒண்ணானபோது பெரும்பாலான ஜனங்க வீட்டுல பேசினது இந்த மொழிகளைத்தான், பொது இத்தாலியன் பள்ளிக்கூடத்துலயும் புத்தகத்துலயும்தான் இருந்துச்சு. அந்தப் பொது இத்தாலியன் எங்கேருந்து வந்துச்சுன்னா, 14-ஆம் நூற்றாண்டு ஃப்ளோரன்ஸ் எழுத்தாளர்களோட மொழியை எடுத்து மாதிரியா வச்சதுலேருந்து. 1525-ல அந்த மாதிரியைத் தூக்கிப் பிடிச்சு எழுதின பியெத்ரோ பெம்போ ஃப்ளோரன்ஸ்காரர்கூட இல்ல, வெனிஸ்காரர். அந்தப் பழைய ஃப்ளோரன்ஸ் மொழியில ரெமோத்தோ உயிரோட இருந்துச்சு, அதனால எழுத்து இத்தாலியன்லயும் அது அப்படியே உக்காந்துடுச்சு.

வடக்குல என்ன ஆச்சுன்னா, மிலான், தொரீனோ பக்கத்து வட்டார மொழிகள் தங்களோட ஒற்றைச் சொல் இறந்தகாலத்தை எப்பவோ கைவிட்டுட்டு ரெண்டு துண்டு வடிவத்தை மட்டும் வச்சுக்கிச்சு. அந்த ஜனங்க பொது இத்தாலியன் பேச ஆரம்பிச்சப்போ வாயில வந்ததும் ரெண்டு துண்டு வடிவம்தான். அதனால மிலான்ல ஒருத்தர் தன்னோட பள்ளிக்கூட நாட்களைப் பத்தி, ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்ததைச் சொன்னாலும் ப்ரோஸ்ஸிமோதான் சொல்வார். அவருக்கு ரெமோத்தோ தெரியாதுன்னு இல்ல, படிப்பார் எழுதுவார், குழந்தைக்குக் கதை சொல்லும்போது அழகா போடுவார், சொந்த வாழ்க்கையைப் பேச மட்டும் எடுக்க மாட்டார். சார்தீனியாலயும் இதே கதைதான், அங்க உள்ள மொழியும் ரெண்டு துண்டு வடிவத்துலதான் நிக்குது.

சிசிலியில நேர் எதிர். சிசிலியன் மொழியில ஒற்றைச் சொல் வடிவம்தான் அன்றாட இறந்தகாலம், இப்பதான் ஒரு நிமிஷம் முன்னாடி நடந்ததுக்கும் அதுதான். "கி ஃபச்சீஸ்தி?" (என்ன பண்ணின?), "மஞ்சாய்" (சாப்பிட்டேன்). அதனால அங்க இத்தாலியன் பேசும்போதும் "அர்ரிவாய் ஓரா", இப்பதான் வந்தேன்னு சொல்வாங்க. மிலான்காரர் காதுக்கு அது விசித்திரமா இருக்கும், புத்தக விதிப்படி பார்த்தாலும் அங்க ப்ரோஸ்ஸிமோ வரணும், ஆனா அவங்க பேசுறது விதி தெரியாம இல்ல, அவங்க மொழிக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு: நடந்து முடிஞ்சதுக்கெல்லாம் ரெமோத்தோ, இதுவரைக்கும் பல தடவை நடந்துட்டே இருக்கிற விஷயத்துக்குத்தான் ரெண்டு துண்டு வடிவம். கலாப்ரியாவோட தென்பகுதியிலயும் ஸலெந்தோலயும் இதுக்குப் பக்கத்துல ஒரு பழக்கம் உண்டு. தெற்குல இளசுங்க பேச்சுல ப்ரோஸ்ஸிமோ கூடிட்டு வருது, அதனால ஒரே வீட்டுல பாட்டி ஒண்ணு பேத்தி ஒண்ணு சொல்றதும் நடக்கும்.

இது நம்மாளுங்களுக்கு நேரடியா உதவுற விஷயமும்கூட. பலேர்மோல ஈழத்தமிழர்கள் நிறைய பேர் குடும்பமா இருக்காங்க. அங்க வேலைக்குப் போய் காதாலயே மொழி பிடிச்சவங்க வாயில ரெமோத்தோ சர்வ சாதாரணமா வரும், அதே ஆள் வடக்குல வேலை மாறிப் போனா அங்க உள்ளவங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க. அவர் பேசினது தப்பான இத்தாலியன் இல்ல, சிசிலி இத்தாலியன். வடக்குல ப்ரோஸ்ஸிமோவுக்கு மாத்திக்கணும், அவ்வளவுதான். நடுவுல உள்ள ரோம்ல பேச்சுல ப்ரோஸ்ஸிமோ கை ஓங்கித்தான் இருக்கு.

நாலாவது படி: ஒரே சம்பவத்தை ஊர் ஊரா சொல்லிப் பார்ப்போம்

சம்பவம் இது: போன வருஷம் ரோமுக்குப் போனேன், பர்ஸைத் தொலைச்சுட்டேன், ஒரு அம்மா அதைக் கண்டுபிடிச்சு எனக்கு போன் பண்ணினாங்க.

மிலான்ல: "லான்னோ ஸ்கோர்ஸோ ஸோனோ அந்தாத்தோ ஆ ரோமா, ஓ பெர்ஸோ இல் போர்த்தஃபோலியோ, ஊனா ஸின்யோரா லா த்ரொவாத்தோ ஏ மீ ஆ க்யமாத்தோ." நாலு வினையும் ரெண்டு துண்டு.

ஃப்ளோரன்ஸ்ல: "லான்னோ ஸ்கோர்ஸோ அந்தாய் ஆ ரோமா, பெர்ஸி இல் போர்த்தஃபோலியோ, ஊனா ஸின்யோரா லோ த்ரொவோ ஏ மி க்யமோ." போன வருஷம் முடிஞ்சாச்சு, பர்ஸும் கிடைச்சாச்சு, கதவு மூடியாச்சு, அதனால ரெமோத்தோ ரொம்ப இயல்பு. ஆனா அதே ஆள் இன்னைக்குக் காலையில பர்ஸைத் தொலைச்சிருந்தா "ஸ்தமத்தீனா ஓ பெர்ஸோ"ன்னுதான் சொல்வார்.

பலேர்மோல: போன வருஷத்துக்கும் "பெர்ஸி", இன்னைக்குக் காலைக்கும் "ஸ்தமத்தீனா பெர்ஸி". ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் காட்டணும்னு அங்க யாருக்கும் தோணாது.

அச்சுல ஒரு கதையா வந்தா, எழுதினவர் மிலான்காரரா இருந்தாலும் பெரும்பாலும் "மார்க்கோ அந்தோ ஆ ரோமா, பெர்ஸே இல் போர்த்தஃபோலியோ"ன்னு போகும். நடுவுல மழை பெய்துட்டு இருந்துச்சுன்னு சொல்ல "ப்யொவேவா"ன்னு இம்பெர்ஃபெத்தோ வரும், அதாவது நடந்துட்டே இருந்ததையும் வழக்கமா நடந்ததையும் சொல்ற இறந்தகால வடிவம். இதுதான் எழுத்துல ரெமோத்தோ சாகாம இருக்கிறதுக்கு இன்னொரு காரணம். கதையை ஒரு அடி முன்னாடி தள்ற நிகழ்ச்சி எல்லாம் ரெமோத்தோல, சுத்தியிருக்கிற சூழ்நிலை எல்லாம் இம்பெர்ஃபெத்தோலன்னு பிரிச்சு வச்சா வாசிக்கிறவனுக்கு எது நடந்தது எது பின்னணின்னு கண்ணு தானா பிரிச்சுக்கும், கதை சொல்றவரும் கொஞ்சம் தள்ளி நின்னு சொல்ற தொனி கிடைக்கும். பேச்சு வாடை வேணும்னு ப்ரோஸ்ஸிமோலயே முழுக் கதையும் எழுதுற எழுத்தாளர்களும் உண்டு, அது தெரிஞ்சே எடுக்கிற முடிவு. செய்தித்தாள்ல நேத்து நடந்த விபத்து ப்ரோஸ்ஸிமோல வரும், அதே பேப்பர்ல போன நூற்றாண்டுப் போரைப் பத்தின கட்டுரைல ரெமோத்தோ வரும்.

அஞ்சாவது படி: ரெமோத்தோவை அடையாளம் கண்டுபிடிக்கப் பழகுங்க

எல்லா வினைக்கும் ஆறு வடிவத்தையும் முதல்லயே மனப்பாடம் பண்ணாதீங்க. படிக்கிறதுல வர்றது பெரும்பாலும் "அவன்/அவள்", "அவங்க" வடிவம்தான், அதுலேருந்து ஆரம்பிங்க. ஒழுங்கான வினைல சுலபம்: பர்லாரே, பர்லோ, பர்லாரொனோ. ஃபினீரே, ஃபினீ, ஃபினீரொனோ.

ஒழுங்கில்லாத வினைங்கதான் தலைவலி, அதுலயும் ஒரு நல்ல ஒழுங்கு ஒளிஞ்சிருக்கு. ஃபாரே, செய்றது, எடுத்துக்கோங்க: நான் ஃபேச்சி, நீ ஃபச்செஸ்தி, அவன் ஃபேச்சே, நாம ஃபச்செம்மோ, நீங்க ஃபச்செஸ்தே, அவங்க ஃபேச்செரோ. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. நான், அவன், அவங்க, இந்த மூணுல மட்டும் ஃபேச்-ன்னு சுருங்கின வேர் வருது, அழுத்தம் முன்னாடி விழுது. நீ, நாம, நீங்க இந்த மூணுல பழைய வேரே இருக்கு, அழுத்தம் பின்னாடி போகுது. திரே, சொல்றது, அதுலயும் அப்படியே: திஸ்ஸி, திச்செஸ்தி, திஸ்ஸே, திச்செம்மோ, திச்செஸ்தே, திஸ்ஸெரோ. அதனால ஒரு வினைக்கு "நான்" வடிவம் ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டா மிச்சம் அஞ்சையும் நீங்களே கட்டிடலாம். வென்னி தெரிஞ்சா வென்னே, வென்னெரோ வந்துடும், நீ-க்கு வெனீஸ்தி. ஸ்க்ரிஸ்ஸி தெரிஞ்சா ஸ்க்ரிஸ்ஸே, ஸ்க்ரிஸ்ஸெரோ. இந்தக் கட்டுக்குள்ள அடங்காம முரண்டு பிடிக்கிறது எஸ்ஸெரே (ஃபூய், ஃபோஸ்தி, ஃபூ, ஃபும்மோ, ஃபோஸ்தே, ஃபூரொனோ), அப்புறம் தாரே, ஸ்தாரே. இந்த மூணையும் தனியா படிச்சுக்க வேண்டியதுதான்.

இதுல "ஃபூ" ஒண்ணை மட்டும் இன்னைக்கே பிடிச்சுக்கோங்க. சர்ச், கோட்டை, மியூசியம் வாசல்ல இருக்கிற பலகைல எல்லாம் "ஃபூ கொஸ்த்ரூயித்தோ" (கட்டப்பட்டது), "ஃபூ ஃபொந்தாத்தா" (நிறுவப்பட்டது)ன்னு வரும். ஃப்ளோரன்ஸ் பேராலயத்துக்கு புருனெல்லெஸ்கி கட்டின குவிமாடம் 1436-ல முடிஞ்சதுன்னு எழுதினா அது "ஃபூ கொம்ப்லெத்தாத்தா". அந்த ஃபூ தெரிஞ்சா போதும், பலகையில பாதி புரிஞ்சுடும்.

ஆறாவது படி: எங்க சறுக்கும், எப்படிக் கண்டுபிடிக்கிறது

ஒண்ணு, "நாம" வடிவம். "அந்தியாமோ"ன்னா போறோம், "அந்தம்மோ"ன்னா போனோம். எழுதினதை வாசிக்கும்போது அந்த இரட்டை ம் இருக்கான்னு பாருங்க, அதை விட்டுட்டா வாக்கியம் நிகழ்காலமா இறந்தகாலமான்னு வாசிக்கிறவர் தடுமாறுவார்.

ரெண்டு, ஒரே கதைக்குள்ள காரணமே இல்லாம ரெண்டையும் கலக்கிறது. எழுதி முடிச்சதும் வினைகளை மட்டும் அடிக்கோடு போட்டு வரிசையா படிங்க. அந்தோ, திஸ்ஸே, ஆ ப்ரேஸோ, வென்னேன்னு நடுவுல ஒண்ணு மட்டும் ரெண்டு துண்டா நின்னா அதை மாத்தணும். ஆனா காரணத்தோட கலக்கிறது தப்பில்ல, அது நல்ல இத்தாலியன்: "லோ இங்கொந்த்ராய் நெல் 2005 ஏ தா அல்லோரா ஸ்யாமோ ரிமாஸ்தி அமீச்சி", அவரை 2005-ல சந்திச்சேன், அப்போலேருந்து நண்பர்களாவே இருக்கோம். சந்திப்பு முடிஞ்சது, அதனால ரெமோத்தோ. நட்பு இன்னைக்கு வரைக்கும் நீளுது, அதனால ப்ரோஸ்ஸிமோ. தா அல்லோரா (அப்போலேருந்து), ஜா (ஏற்கனவே), நோன் அங்கோரா (இன்னும் இல்ல), இதுல ஒண்ணு இருந்தா புத்தக இத்தாலியன்ல பெரும்பாலும் ப்ரோஸ்ஸிமோ பக்கம் சாயுங்க. ஆனா கதை முழுக்க இறந்தகாலத்துல ஓடுதுன்னா அதுக்கு வேற வடிவம் வரும்.

மூணு, ரெமோத்தோவா இம்பெர்ஃபெத்தோவான்னு வர்ற குழப்பம். ப்ரோஸ்ஸிமோ வர வேண்டிய இடத்துலதான் ரெமோத்தோ வரும், இம்பெர்ஃபெத்தோ இடத்துல ஒருநாளும் வராது. "சின்ன வயசுல தினமும் கடலுக்குப் போவேன்" எவ்வளவு பழசா இருந்தாலும் "அந்தாவோ"தான். சந்தேகமா இருந்தா அந்த வாக்கியத்தை மிலான்காரர் மாதிரி ப்ரோஸ்ஸிமோல சொல்லிப் பாருங்க, பொருந்துச்சுன்னா ரெமோத்தோவும் பொருந்தும், பொருந்தலன்னா அது இம்பெர்ஃபெத்தோ.

கடைசியா ட்ரபஸ்ஸாத்தோ ரெமோத்தோன்னு ஒண்ணு, "எப்பே ஃபினீத்தோ" மாதிரி வரும் (அந்த ப்ப பம்பரத்துல வர்ற ரெண்டாவது ப மாதிரி ஒலிக்கும்). "அப்பேனா", "தோப்போ கே"ன்னு ஆரம்பிக்கிற துணை வாக்கியத்துல, அதுவும் முக்கிய வினை ரெமோத்தோல இருந்தா மட்டும்தான் வரும்: அவன் முடிச்ச உடனே கிளம்பினான், "அப்பேனா எப்பே ஃபினீத்தோ, உஷீ". பேச்சுல இது யார் வாயிலயும் கிட்டத்தட்ட வராது. படிக்கும்போது எப்பே இல்ல ஃபூ-க்குப் பின்னாடி முடிந்த வடிவம் ஒண்ணு நின்னு, முன்னாடி அப்பேனாவும் இருந்தா இதுதான்னு தெரிஞ்சுக்கிட்டு மேல படிச்சுட்டே போங்க.